ஊசி தெரியாமல் குனிந்த நாரி

உரும்பிராயில் எங்கள் வீட்டு விறாந்தைதான் என் தையல் கடை. 2003இல் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில் வாங்கின மெசின். முதல் பத்து வருசம் காலால் மிதித்தேன், பிறகு மோட்டர் பூட்டினேன். சாரி பிளவுஸ், பள்ளிக்கூடச் சட்டை, பழசைப் பிரித்துத் தைப்பது என்று நாளுக்கு ஏழு எட்டு மணித்தியாலம் அதிலேயே இருப்பேன். நல்லூர்த் திருவிழா தொடங்க ஒரு மாதத்துக்கு முன்பிருந்து அது பத்து பதினொன்று ஆகிவிடும்.

நாரி நோ எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. முதலில் பின்னேரத்தில் ஒரு உளைவு வரும். பாயில் கொஞ்ச நேரம் படுத்தால் போய்விடும். அப்புறம் மத்தியானமே வரத் தொடங்கியது. நாற்பத்தைந்து வயதில் ஒருநாள் காலை பல் தீட்டக் குனிந்தவள் நிமிர முடியாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால் அதற்கு முந்தியே போயிருந்தது. தரையில் துணி விரித்து வெட்டிவிட்டு எழும்பும்போது "கடக்" என்று ஒரு சத்தம் கேட்கும், படி இறங்கும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னால் ஊசி குத்தும்.

காசு கொடுத்துக் காட்டின இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு தேய்ஞ்சிட்டுது, பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, ஓய்வெடுங்கோ" என்று சொல்லி ஒரு பை நிறைய மாத்திரை தந்தார்கள். தேய்ஞ்சிட்டுது என்ற ஒரு சொல் போதும், மனம் படுத்துவிடும். நானும் படுத்தேன். பதினாறு நாள் கட்டிலில். எழும்பினபோது நாரி முன்பைவிட இறுகியிருந்தது, தொடைச் சதை இளகிக் கிடந்தது, முழங்கால் இரண்டு படிக்கே நடுங்கியது. என் வயதில் நோவே இல்லாத ஆட்களுக்கும் எக்ஸ்ரேயில் அந்தத் தேய்மானம் தெரியும் என்பதும், சாதாரண நாரி நோவுக்கு நீளப் படுத்துக் கிடப்பது கெடுதல்தான் செய்யும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நோவு கடுமையாக இருக்கிற ஒன்றிரண்டு நாள் படுக்கலாம். அதற்கு மேல் மெதுவாகவேனும் நடமாட வேண்டும்.

பிறகு அரச ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பிள்ளைக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். காலைத் தூக்கிப் பார்த்தாள், பெருவிரலை மடக்கச் சொன்னாள், நோவு முழங்காலுக்குக் கீழே ஓடுகிறதா என்று கேட்டாள். இல்லை, நாரியோடும் வலது பிட்டியோடும் நிற்கிறது என்றேன். பிறகு அவள் சொன்னது எனக்குப் புதினமாக இருந்தது.

"அக்கா, நீங்கள் தைக்கேக்கை பக்கத்திலை நிண்டு ஆரையும் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கோ. அடுத்த முறை கொண்டு வாங்கோ. உங்கடை நாரியை இஞ்சை பாத்து எனக்கு ஒண்டும் விளங்காது."

மகன் போனில் நான்கு நிமிடம் எடுத்தான். என்னை நானே பக்கவாட்டில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொக்கு மீனுக்கு நிற்கிற மாதிரிக் கழுத்தை நீட்டி, முதுகை வில்லாக வளைத்து, மூக்கு ஊசிக்கு ஒரு சாண் தூரத்தில். வலது கால் பெடலைத் தேடி முன்னுக்கு நீண்டு கிடக்க, இடது கால் கதிரைக்குக் கீழே மடிந்திருந்தது. நேராக இருக்கிறேன் என்றுதான் இத்தனை வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிசியோ பிள்ளை அதைப் பார்த்துவிட்டு நாரியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ஏன் அக்கா இவ்வளவு கிட்டப் போறியள்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஊசி தெரியாது தங்கச்சி."

அவ்வளவுதான் விசயம். நாற்பது தாண்டினால் கிட்டத்துப் பார்வை குறையும், எல்லாருக்கும் குறையும். நானும் கண்ணாடி போட்டிருந்தேன். ஆனால் அது கடைத்தெருவில் பேப்பரைப் பிடித்துப் பார்த்து வாங்கின கண்ணாடி, பவர் 3. எழுத்து கொட்டை கொட்டையாகத் தெரிகிறதென்று அதை எடுத்தேன். 3 பவர் கண்ணாடியால் சுமார் பதின்மூன்று அங்குலத்துக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. நான் நிமிர்ந்து இருந்தால் என் கண்ணுக்கும் ஊசிக்கும் இடையில் பதினெட்டு அங்குலம். அந்த ஐந்து அங்குலத்தை எது நிரப்பும்? நாரிதான். கண்ணாடி என்னைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்திருக்கிறது, நான் கதிரையையும் வயதையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண் பரிசோதிக்கப் போகும்போது பிசியோ பிள்ளை சொன்னபடி அளவுநாடாவையும் கொண்டு போனேன். மெசினுக்கு முன்னால் நிமிர்ந்து இருந்து, மகளைக் கொண்டு கண்ணில் இருந்து ஊசி வரைக்கும் அளந்த தூரத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். "நான் வாசிக்கிறதுக்குக் கேக்கேல்லை, இந்தத் தூரத்துக்குக் கேக்கிறன்" என்றேன். பார்த்துவிட்டு 1.25 தந்தார்கள். எழுத்து முன்பு போலப் பெரிதாகத் தெரியவில்லை, முதல் இரண்டு நாள் ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் நிமிர்ந்திருந்தபடி ஊசியின் கண் தெரிந்தது. இது என் கண்ணுக்கு வந்த கணக்கு. உங்களுக்கு வேறாக வரும், ஆனால் தூரத்தை அளந்து கொண்டு போகிற வேலை எல்லாருக்கும் ஒன்றுதான்.

அடுத்தது வெளிச்சம். விறாந்தை ரியூப் லைட் என் தலைக்குப் பின்னால் இருந்தது. குனிந்தால் என் தலையின் நிழலே ஊசியில் விழும், நிழல் விழுந்தால் இன்னும் குனிவேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிற நாளில்தான் நாரி அதிகம் நொந்தது என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். மேசையில் கவ்விப் பிடிக்கிற ஒரு சின்ன எல்ஈடி விளக்கை ஊசிக்கு இடப்பக்கம், ஒரு முழ உயரத்தில் பூட்டினேன். வலப்பக்கம் பூட்டினால் மெசின் தலையின் நிழல் தையலில் விழும்.

கண்ணும் வெளிச்சமும் சரியான பிறகுதான் கதிரைக்கு வந்தோம். வரிசை இப்படி இருந்தது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். ஊசி தெரியாதவளை எந்தக் கதிரையில் இருத்தினாலும் குனியத்தான் செய்வாள்.

நான் இருந்தது பிளாஸ்ரிக் கதிரை. அதன் இருக்கை பின்னுக்குச் சரிந்திருக்கும். சாய்ந்து இருந்து தேத்தண்ணி குடிக்க அது நல்லது. தைக்கும்போது உடம்பு முன்னுக்கு வர வேண்டும், இருக்கையோ பின்னுக்கு இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் நாரி வளையும். உயரமும் போதாது. மெசின் மேசை முப்பது அங்குலம். நான் இருந்து கையை மடக்கினால் முழங்கை நிலத்தில் இருந்து இருபத்தைந்து அங்குலத்தில் நின்றது. ஐந்து அங்குலம் மேலே இருக்கிற துணியைத் தள்ளுவதற்கு நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கைப்பிடி இல்லாத பழைய மரக் கதிரை ஒன்று பத்தாயத்துப் பக்கம் கிடந்தது. அதில் நல்லாக அமுங்காத மெத்தைத் துண்டொன்றை வைத்து உயர்த்தினேன். முதலில் ஆசைப்பட்டு நான்கு அங்குலம் உயர்த்தினேன். தொடை லாச்சியில் இடித்தது, பாதத்தின் முன்பாதி மட்டும்தான் பெடலில் பட்டது. இரண்டு அங்குலத்துக்குக் குறைத்தேன், சரி வந்தது. பிறகு கதிரையின் பின்கால் இரண்டுக்கும் கீழே ஒரு அங்குலப் பலகைத் துண்டு வைத்தேன். இருக்கை கொஞ்சம் முன்னுக்குச் சரிந்ததும் இடுப்பு தானாக நிமிர்ந்தது, முழங்காலின் மடிப்பும் விரிந்தது. முழங்காலை நன்றாக மடக்கி மணிக்கணக்கில் இருந்தால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும். நெடுநேரம் இருந்து எழும்பும்போது முதல் நான்கு எட்டு வைக்க நொண்டுவது அதனால்தான். ஒரு எச்சரிக்கை: சீமெந்து நிலத்தில் பலகைத் துண்டு வழுக்கும். மூன்றாம் நாள் நான் கதிரையோடு சரிந்து மேசையைப் பிடித்துத் தப்பினேன். பழைய ரப்பர் செருப்பை வெட்டிப் பலகைக்குக் கீழே ஆணி அடித்த பிறகு அசையவில்லை.

பெடல் இன்னொரு கள்ளன். மோட்டர் பெடல் மிதிக்க மிதிக்க முன்னுக்கு ஓடும். கால் அதைத் துரத்தும், காலோடு இடுப்பும் இருக்கையின் விளிம்புக்கு நகரும், பிறகு ஒரு பிட்டியில் இருந்து தைப்பீர்கள். என் வலது பிட்டி நோவுக்குக் காரணம் அதுதான். பெடலை ஒரு பலகையில் வைத்து, அதற்கு முன்னால் ஒரு சட்டம் அடித்தேன். பக்கத்திலே இடது பாதம் வைக்க அதே உயரத்தில் ஒரு கட்டை. மெசினின் நடுவுக்கு நேரே இருந்த கதிரையை ஊசிக்கு நேரே வரும்படி இடப்பக்கம் நகர்த்தினேன். ஊசி மெசினின் இடக்கோடியில்தானே இருக்கிறது, நடுவில் இருந்தால் முதுகைத் திருகிக்கொண்டுதான் தைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனது, செலவு விளக்குக்கு மட்டும்தான்.

எப்படி இருந்தாலும் ஒரே இருப்பாக இருந்தால் நாரி நோகும். அரை மணிக்கு ஒருக்கால் எழும்புங்கோ என்று பிசியோ பிள்ளை சொன்னாள். போனில் அலாரம் வைத்துப் பார்த்தேன். கையில் கழுத்து வளைவு ஓடிக்கொண்டிருக்கும்போது அது அடித்தால் யார் எழும்புவது? நான்கு நாளில் நிப்பாட்டினேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் வேலைக்கு ஒரு போபின் நூல் ஏறக்குறைய அரை மணிக்கு முடியும். நூல் சுற்றி வைத்த போபின் டப்பாவை மேசையில் இருந்து எடுத்து, விறாந்தையின் மறு அந்தத்தில் நின்றால் மட்டும் எட்டுகிற தட்டில் வைத்தேன். நூல் முடிந்தால் எழும்பாமல் வேறு வழியில்லை. எழும்பினதும் இரண்டு கையையும் நாரியில் வைத்து, முழங்கால் மடக்காமல் மெதுவாகப் பின்னுக்கு வளைவேன், ஐந்து தரம். முன்னுக்கே வளைந்து இழுபட்டிருந்த நாரிக்கு அது எதிர்ப்பக்கம். ஒரு நிமிடம்கூட எடுக்காது.

இதை நான் பெரியம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்து மாட்டிக்கொண்டேன். பெரியம்மாவுக்கு அறுபத்தேழு வயது, செம்பாட்டுத் தோட்டத்தில் வெங்காயம் நட்டும் கிண்டியும் வளைந்த உடம்பு. அவவுக்கும் நாரி நோதான். பின்னுக்கு வளையச் சொன்னேன். இரண்டு நாளில் வந்து, "எடி பிள்ளை, உன்ரை வைத்தியத்தாலை கால் ரெண்டும் விறைக்குது" என்றா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் விளங்கியது. அவவுக்கு நடந்தால், நின்றால் கால் இரண்டும் கனத்து விறைக்கும். கோயிலுக்குப் போகிற வழியில் எங்காவது ஒரு மதிலில் குந்தி முன்னுக்குச் சாய்ந்தால் உடனே சுகம் வரும். அது முள்ளந்தண்டுக்குள் நரம்பு போகிற வழி ஒடுங்கினதால் வருவது. பின்னுக்கு வளைந்தால் அந்த வழி இன்னும் ஒடுங்கும். அவவுக்குக் கொடுத்த பயிற்சி எனக்குக் கொடுத்ததற்கு நேர் எதிர்: மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு அணைப்பது. ஆகவே குனிந்தால் கூடுகிற நோவா, நிமிர்ந்தால் கூடுகிற நோவா என்று பார்க்காமல் யாருக்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்க இப்போது எனக்குப் பயம்.

பெரியம்மாவின் தோட்ட வேலையிலும் ஒரு மாற்றம் செய்தோம். முழுக்கக் குந்தி இருந்து நடுவதை விட்டு, ஒரு சாண் உயரப் பலகைக்கட்டையில் இருந்து நடுகிறா. முழங்கால் அவ்வளவு மடியாது. பாத்திக்குப் பாத்தி அதைத் தூக்கிக்கொண்டு போவது கரைச்சல் என்று புறுபுறுப்பா, ஆனால் விடவில்லை.

என் முழங்காலுக்கு வருகிறேன். மெசினைவிட அதைக் கெடுத்தது தரையில் பாய் விரித்து முழங்காலில் நின்று துணி வெட்டினதுதான். வாசலுக்குப் பூட்டாமல் கிடந்த பழைய கதவொன்றைச் சாப்பாட்டு மேசைக்கு மேல் போட்டு, கீழே மரக்கட்டை கொடுத்து முப்பத்தைந்து அங்குலத்துக்கு உயர்த்தினேன். நின்றுகொண்டே வெட்டுகிறேன். தேங்காய் துருவுவதும் தரையில் திருவலையில் இருந்துதான், அதை மகனிடம் தள்ளிவிட்டேன். பொம்பிளைப் பிள்ளைகள் மட்டும்தான் துருவ வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

பயிற்சி மூன்றுதான். கட்டிலில் காலை நீட்டி இருந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, அதை நசுக்குவது போல அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடிப்பேன், ஒரு காலுக்குப் பத்து தரம். பிறகு மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவது, பத்து தரம். மூன்றாவது, கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்பி இருப்பது. தொடங்கும்போது ஐந்து, இப்போது பதினைந்து. செய்யும்போது கொஞ்சம் நொந்தால் பரவாயில்லை. அடுத்த நாளும் நோவு கூடி நின்றாலோ முழங்கால் வீங்கினாலோ பாதியாகக் குறைக்க வேண்டும். முதல் மூன்று கிழமை ஒரு மாற்றமும் தெரியவில்லை, விடப் பார்த்தேன். ஆறாம் கிழமை அளவில், படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க மறந்துவிட்டேன் என்பதைக் கீழே வந்த பிறகுதான் கவனித்தேன்.

ஒரு சின்ன விசயம். காலையில் எழும்பின உடனே குனிந்து முற்றம் கூட்டுவதை நிப்பாட்டினேன். இரவு படுத்திருக்கும்போது முள்ளந்தண்டுத் தட்டுகள் நீர் ஊறிப் பருத்திருக்கும், எழும்பின முதல் ஒரு மணித்தியாலம் குனிந்தால் அவற்றில் அழுத்தம் கூட விழும். இப்போது முதலில் தேத்தண்ணி, பிறகு சோறு வைப்பது, வெயில் ஏறின பிறகு முற்றம். அதுவும் நீளப் பிடி போட்ட விளக்குமாற்றால்.

ஒத்தடத்தை நான் விடவில்லை. நொச்சி இலையை நல்லெண்ணெய் விட்டு வதக்கிப் பொட்டலம் கட்டி, இரவில் பதினைந்து இருபது நிமிடம். இலை இல்லாத நாளில் வறுத்த உப்பு. இறுக்கம் ஒன்றிரண்டு மணித்தியாலம் இளகும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த இளகின நேரத்தில் பயிற்சியைச் செய்துவிடுவேன். ஆனால் மாமிக்கு நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். அவவுக்குச் சீனி வருத்தம். காலில் சூடு தெரியாது. "இன்னும் சூடாக வை" என்றா, நானும் வைத்தேன். அடுத்த நாள் முழங்காலில் தண்ணீர்க் கொப்புளம், ஆற ஒரு மாதம் போனது. சீனி வருத்தக்காரருக்கு ஒத்தடம் கொடுப்பவர் தன் முன்கையில் வைத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். முழங்கால் வீங்கிச் சூடாக இருக்கிற நாளில் சூட்டு ஒத்தடமே வேண்டாம், துணியில் சுற்றின ஐஸ் வைக்கலாம்.

மாத்திரை பற்றி. பார்மசியில் "நாரி நோவுக்கு ஒண்டு தாங்கோ" என்று கேட்டு டைக்குளோபெனக் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும், நானும் போட்டேன். அது வயிற்றைப் புண்ணாக்கும், பிரசரைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனக்கு வயிற்றெரிவோடு நின்றது. இப்போது வேலை கூடின நாளில் இரண்டு பனடோல், அதுவும் எப்போதாவது.

பிசியோ பிள்ளை முதல் நாளே எழுதித் தந்த ஒரு துண்டு மெசின் லாச்சிக்குள் கிடக்கிறது. சிறுநீர் போவது அடைபட்டாலோ தெரியாமல் போனாலோ, இருக்கையில் படுகிற இடம் விறைத்தாலோ, கால் பலமிழந்து பாதம் இழுபட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு நாரி நோ, காரணமில்லாமல் மெலிவது, படுத்தாலும் இரவில் விடாத நோவு, சிவந்து கொதிக்கிற முழங்கால், இவையும் தையலால் வருகிற நோவுகள் அல்ல.

எனக்கு முழுக்க மாறிவிட்டதா என்றால் இல்லை. முழங்கால் இன்னும் கடக் என்கிறது, நோவில்லாத சத்தத்துக்குப் பயப்படத் தேவையில்லை என்றார்கள், நானும் கணக்கெடுப்பதில்லை. திருவிழா மாதத்தில் எட்டாவது மணித்தியாலத்துக்கு மேல் நாரி பிடிக்கும். போன வருசம் கொடியேறுவதற்கு முதல் கிழமை பிளவுஸ் ஓடர்களில் ஆறை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். ஒருத்தி கோபித்துக்கொண்டு போனா. இந்த வருசம் அவவே ஒரு மாதம் முந்திக் கொண்டுவந்து தந்தா, கறுப்புத் துணி. விளக்கைக் கொஞ்சம் கிட்ட இழுத்துவிட்டுத் தொடங்கினேன்.